ஒரே கஸ்டமர நம்பி ஓடுற கம்பனிய ஆண்டறிக்கையில கண்டுபிடிக்கிறது எப்பிடி: முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை பக்கம் இப்ப நிறைய இளம் ஆக்கள் போன்லயே கணக்குத் திறந்து கொழும்பு பங்குச் சந்தையில பங்கு வாங்குறாங்க, நல்ல விசயம். ஆனா ஆண்டறிக்கைய எடுத்தா லாபம் எவ்வளவு, டிவிடெண்ட் எவ்வளவு எண்டு பார்த்திட்டு மூடிருவாங்க. அந்த லாபம் எத்தின பேரிட்ட இருந்து வருது எண்டு பார்க்கிற ஆள் குறைவு. அதுக்கான விடை ரிப்போட்லயே கிடக்கு, ஆனா ஒரே பக்கத்தில இல்ல, நாலஞ்சு இடத்தில துண்டு துண்டாக் கிடக்கு. அத எந்த ஒழுங்கில பொறுக்கிச் சேர்க்கிறது எண்டுதான் இங்க எழுதுறன். நான் கூட இருந்து பார்த்த புது ஆக்கள் தடுக்கி விழுற இடங்களையும் அந்தந்தப் படியிலயே சொல்லுறன்.

## தொடங்க முதல் என்ன வேணும்

ஒரு கம்பனிட ஆண்டறிக்கை மூண்டு வருசத்துக்கு வேணும். `www.cse.lk` தளத்தில கம்பனிட பக்கத்துக்குப் போனா PDF ஆ எடுக்கலாம். இங்க கனக்கக் கம்பனிகளுக்கு நிதியாண்டு மார்ச் 31 ல முடியுது, அதுக்குப் பிறகு அஞ்சு மாசத்துக்குள்ள ஆண்டறிக்கை வெளிய வரவேணும், அதால ஓகஸ்ட் கடைசிக்குள்ள புதுசு கிடைச்சிரும்.

மூண்டு வருசம் ஏன் எண்டா, ஒரு வருசத்து வீதம் ஒரு நாள் எடுத்த போட்டோ மாதிரி. 45 வீதம் எண்டுறது 30 ல இருந்து ஏறி வந்ததா, 60 ல இருந்து இறங்கி வந்ததா எண்டது தெரியாட்டி அந்த எண்ணால பிரயோசனம் இல்ல.

போன்ல வாசிக்காதீங்க. கணினியில திறந்து Ctrl+F அடிச்சு இந்தச் சொல்லுகள ஒவ்வொண்டாத் தேடுங்க:

```
major customer
single customer
10%
concentration
related party
```

கணக்குக்கு உதாரணமா ஒரு கற்பனைக் கம்பனிய வைச்சுக் கொண்டு போறன், எண்கள் நான் போட்டது. உடுப்பு தைச்சு ஏற்றுமதி செய்யுற கம்பனி, வருச வருமானம் 12,000 மில்லியன் ரூபா, தொழில் லாபம் (வட்டி, வரி கழிக்க முதல்) 720 மில்லியன், வட்டிச் செலவு 250 மில்லியன்.

## 1. குரூப்பா கம்பனியா எண்டு முதல் பாருங்க

நிதிக் கூற்றில ரெண்டு நிரல் இருக்கும், ஒண்டு குரூப், அதாவது துணைக் கம்பனிகளையும் சேர்த்தது, மற்றது கம்பனி மட்டும். புது ஆக்கள் கனபேர் கஸ்டமர் தொகைய குரூப் நிரல்ல எடுத்து, வருமானத்த கம்பனி நிரல்ல எடுத்து வகுத்திருவாங்க, 45 வீதமா இருக்க வேண்டியது 80 எண்டு வந்து நிக்கும். ரெண்டையும் குரூப் நிரல்ல இருந்து எடுங்க, ஏனெண்டா பின்னால வாற பத்து வீத விதி குரூப்ட மொத்த வருமானத்த வைச்சுத்தான் கணக்குப் பார்க்குது.

## 2. செக்மென்ட் நோட்டத் திறங்க

நிதிக் கூற்றுக்குப் பின்னால இலக்கம் போட்டு வாற விளக்கக் குறிப்புகளத்தான் நோட் எண்டுறது, அதில தொழில் பிரிவு பிரிவா வருமானம் சொல்லுறது செக்மென்ட் நோட். இதுதான் ஆரம்பம். இலங்கையில பட்டியல்ல உள்ள கம்பனிகளுக்கு எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ் 8 எண்ட கணக்கியல் தரம் இருக்கு, தொழில் பிரிவுகளப் பற்றினது. அதில, வெளிய உள்ள ஒரு கஸ்டமரிட்ட இருந்து வாற வருமானம் மொத்த வருமானத்தில 10 வீதமோ அதுக்கு மேலயோ எண்டா மூண்டு விசயம் சொல்லவேணும்: அப்பிடி ஒரு கஸ்டமர் இருக்கு எண்டது, அவரால வந்த தொகை, அது எந்தப் பிரிவில வந்தது எண்டது. கஸ்டமர்ட பேர் சொல்லத் தேவையில்ல.

ஒரே ஆளிட கட்டுப்பாட்டில இருக்கிற கம்பனிகள ஒரே கஸ்டமரா எண்ணவேணும் எண்டும் அதில இருக்கு. ஒரு வெளிநாட்டு பிராண்ட் மூண்டு நாட்டுக் கம்பனி பேர்ல பில் போட வைச்சாலும், அது ஒரே ஆள்தான் எண்டு தெரிஞ்சா சேர்த்துத்தான் காட்டவேணும். அரசாங்க நிறுவனங்கள் எண்டா ஒண்டாச் சேர்க்கிறதா பிரிக்கிறதா எண்டது கம்பனிட தீர்மானத்தப் பொறுத்தது.

நம்மட உதாரணக் கம்பனிட நோட்ல இப்பிடி இருக்கு எண்டு வைங்க: முதல் கஸ்டமர் 5,400 மில்லியன், ரெண்டாவது 1,560 மில்லியன். வகுத்தா 45 வீதமும் 13 வீதமும். போன வருசம் முதல் கஸ்டமர் 3,500, அப்ப மொத்த வருமானம் 10,000, அதாவது 35 வீதம். கம்பனி 2,000 மில்லியன் வளர்ந்திருக்கு எண்டு தலைவர்ட உரையில போட்டிருப்பாங்க, அந்த வளர்ச்சியில 1,900 இந்த ஒரு கஸ்டமரால வந்தது எண்டு இந்த நோட்டக் கழிச்சுப் பார்த்தாத்தான் விளங்கும். மற்ற எல்லாக் கஸ்டமர்மாரும் சேர்ந்து கூடினது வெறும் 100.

## 3. நோட்ல ஒண்டும் இல்லாட்டி

இந்த இடத்திலதான் கனபேர் அவசரப்படுறாங்க. "எந்த ஒரு கஸ்டமரும் 10 வீதத்துக்கு மேல இல்ல" எண்டு கம்பனி தெளிவா எழுதியிருந்தா அது ஒரு பதில். ஒண்டுமே எழுதாம இருந்தா அப்பிடிக் கஸ்டமர் இல்ல எண்டு நீங்களா முடிவெடுக்கக் கூடாது, அடுத்த படிகள்ல சரிபார்க்கவேணும்.

இன்னொரு குழியும் இருக்கு, அது பெரிய குரூப்கள்ல. ஹோட்டல், பேங்க், தேயிலை, உடுப்பு எண்டு பத்துத் தொழில் வைச்சிருக்கிற குரூப்புக்குள்ள உடுப்புக் கம்பனி முழுக்க ஒரு கஸ்டமர நம்பி இருந்தாலும், அந்தக் கஸ்டமர் குரூப்ட மொத்த வருமானத்தில 10 வீதத்த எட்டாட்டி நோட்ல வராது. விதி மீறல் இல்ல, விதியே அப்பிடித்தான். நீங்க அந்தக் குரூப்ட பங்கு வாங்குறதெண்டா பெரிய சிக்கல் இல்ல. ஆனா அந்த உடுப்புக் கம்பனி தனியாவும் பட்டியல்ல இருந்தா அதுட சொந்த ரிப்போட்ட எடுத்துப் பாருங்க, அங்க அது தெரிய வரும்.

## 4. கஸ்டமர் ஆர் எண்டு தேடுங்க

பேர் தெரியவேணும் ஏனெண்டா 45 வீதத்த ஆர் வைச்சிருக்கிறது எண்டதப் பொறுத்துத்தான் ஆபத்து மாறுது. மூண்டு இடம் பாருங்க.

முதல்ல தொடர்புடைய தரப்பு நோட். எல்.கே.ஏ.எஸ் 24 எண்ட தரத்தின்ட கீழ வாறது. வாங்குறவர் அந்தக் கம்பனிட பெரிய பங்குதாரராவோ அதே குரூப்பைச் சேர்ந்தவராவோ இருந்தா இங்க உறவும் விற்ற தொகையும் வரும், பெரும்பாலும் பேரோடயே. டீஜே லங்கா எண்ட துணி செய்யுற கம்பனிய எடுங்க, பிராண்டிக்ஸ் அதில பெரிய பங்குதாரர், பிராண்டிக்ஸ் குரூப் கம்பனிகள் அதிட்டத் துணியும் வாங்குது. இப்பிடியான இடத்தில ஓடர் திடீரெண்டு நிக்கிற பயம் குறைவு, ஏனெண்டா வாங்குறவருக்கும் அந்தக் கம்பனியில காசு கிடக்கு. அதுக்குப் பதிலா வேற கேள்வி கேட்கவேணும், விலை எப்பிடித் தீர்மானிக்கிறாங்க, சிறு பங்குதாரருக்கு அது நியாயமா எண்டு. தொடர்புடைய தரப்புக் கொடுக்கல் வாங்கல்களப் பார்க்கிற குழுட அறிக்கையும் அதே புத்தகத்தில இருக்கும், அதயும் வாசியுங்க.

ரெண்டாவது நாடு வாரியா வருமானம் சொல்லுற அட்டவணை, செக்மென்ட் நோட்டுக்குப் பக்கத்திலயே இருக்கும். ஐக்கிய இராச்சியத்துக்குப் போனது 5,600 மில்லியன், பெரிய கஸ்டமர்ட தொகை 5,400 எண்டா அந்தக் கஸ்டமர் எந்த நாட்டு ஆள் எண்டு ஊகிக்கலாம். ஆனா கவனம், ஹொங்கொங் எண்டு வந்தா சரக்கு அங்க போகுது எண்டு அர்த்தம் இல்ல, பிராண்ட்ட வாங்கும் அலுவலகம் அங்க இருந்தாலும் பில் அங்கதான் போகும்.

மூண்டாவது முன்பக்கங்கள், படங்களோட தொழிலப் பற்றிச் சொல்லுற பகுதி. கணக்குப் பகுதியில பேர மறைச்சிட்டு இங்க "இன்ன பிராண்ட்டிட்ட விருது எடுத்தம்" எண்டு போட்டிருப்பாங்க. இது சாட்சி இல்ல, தடயம் மட்டும்தான், அதால உங்கட குறிப்பில "ஊகம்" எண்டே எழுதிவைங்க.

## 5. வரவேண்டிய கடனப் பாருங்க

நிதி ஆபத்து எண்ட நோட்டுக்குள்ள கடன் ஆபத்து எண்டு ஒரு பகுதி இருக்கும். ஆபத்து ஒரே இடத்தில குவிஞ்சிருந்தா அதச் சொல்லவேணும் எண்டு எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ் 7 கேட்குது, இதுக்கு 10 வீதம் மாதிரி ஒரு கோடு இல்ல. அதால செக்மென்ட் நோட்ல அகப்படாதது சில நேரம் இங்க அகப்படும்.

உதாரணக் கம்பனிக்கு மொத்தமா வரவேண்டியது 2,600 மில்லியன், அதில 1,500 பெரிய கஸ்டமரிட்ட எண்டு வைங்க. நாள் கணக்கு இப்பிடி:

```
1500 / 5400 x 365 = 101
1100 / 6600 x 365 = 61
```

பெரிய கஸ்டமர் காசு குடுக்க 101 நாள், மற்ற எல்லாரும் 61 நாள். இதுதான் நான் எப்பவும் முதல்ல தேடுற எண், ஏனெண்டா ஆர்ட கை ஓங்கியிருக்கு எண்டத எந்த உரையும் சொல்லாது, இந்த நாப்பது நாள் வித்தியாசம் சொல்லும். அந்த நாப்பது நாளுக்கு நூலும் சம்பளமும் கரண்டும் கம்பனி பேங்க்ல வட்டிக்கு எடுத்துக் கட்டுது, மறுகா அந்த வட்டி 250 மில்லியனுக்குள்ள போய் ஒளிஞ்சிருது.

ஒரு எல்லை இருக்கு. நிலுவை எண்டது மார்ச் 31 அண்டைய நிலவரம். மார்ச் மாசத்தில ஒரு பெரிய ஏற்றுமதி போயிருந்தா நாள் எண்ணிக்கை கூடித் தெரியும். அதால மூண்டு வருசத்துக்கும் அதே கணக்கப் போடுங்க, காலாண்டு அறிக்கையில மொத்த நிலுவை எப்பிடிப் போகுது எண்டும் பாருங்க. ரெண்டும் ஒரே பக்கம் போனாத்தான் நம்பலாம்.

## 6. கஸ்டமர் போனா என்ன நடக்கும் எண்டு கணக்குப் போடுங்க

புது ஆக்கள் செய்யுற பிழை, 45 வீத வருமானம் போனா 45 வீத லாபம் போகும் எண்டு நினைக்கிறது. அப்பிடி இல்ல, கட்டிட வாடகை, மெசின் தேய்மானம், நிரந்தர ஆக்கள்ட சம்பளம் எல்லாம் ஓடர் இல்லாட்டியும் நிக்காது.

ரிப்போட்ல மாறும் செலவு, மாறாச் செலவு எண்டு பிரிச்சுத் தரமாட்டாங்க. செலவு நோட்ல தேய்மானம், சம்பளம், மூலப்பொருள் எல்லாம் தனித்தனியா இருக்கும், அத வைச்சு நீங்கதான் மதிப்பிடவேணும். நம்மட கம்பனிக்கு வருமானத்தில 70 வீதம் மாறும் செலவு எண்டு எடுப்பம். அப்ப ஒவ்வொரு 100 ரூபா விற்பனையிலயும் 30 ரூபா மாறாச் செலவையும் லாபத்தையும் தாங்குது. 12,000 க்கு 3,600, அதில மாறாச் செலவு 2,880, மிச்சம் 720 லாபம்.

பெரிய கஸ்டமர் முழுக்கப் போனா 5,400 ல 30 வீதம், 1,620 மில்லியன் இல்லாமப் போகுது. 720 லாபம் 900 நட்டமா மாறும். முழுக்கப் போகாம மூண்டில ஒரு பங்கு ஓடரக் குறைச்சா 540 போகும், தொழில் லாபம் 180, ஆனா வட்டி 250 கட்டவேணும், அப்பவும் நட்டம்தான்.

இப்ப இதவிட முக்கியமானதப் பாருங்க. கஸ்டமர் எங்கயும் போகல, விலைய மட்டும் 5 வீதம் குறைக்கச் சொல்லுறார். 5,400 ல 5 வீதம் 270 மில்லியன். விலை குறைஞ்சாலும் நூலும் சம்பளமும் குறையாது, அதால 270 உம் நேரா லாபத்தில வெட்டும், 720 வந்து 450 ஆகும். இதே அடி ஓடர் குறைஞ்சு விழவேணும் எண்டா 900 மில்லியன் ஓடர் போகவேணும். ஒரே கஸ்டமர நம்பி இருக்கிற கம்பனியில அடிக்கடி நடக்கிறது இந்த விலைக் குறைப்புத்தான், கஸ்டமர் போறது அபூர்வம். அது எந்த அறிவித்தலாவும் வெளிய வராது, மொத்த லாப வீதம் வருசம் வருசமா ஒள்ளம் ஒள்ளமாக் கரையுறதுல மட்டும்தான் தெரியும். அந்த வீதம் குறையுற வருசங்களும் பெரிய கஸ்டமர்ட பங்கு ஏறுற வருசங்களும் ஒண்டா வந்தா அங்க நின்று நல்லா யோசியுங்க. டொலர் விலை, பருத்தி விலை மாறினாலும் இந்த வீதம் ஆடும், அதால வேற உடுப்புக் கம்பனிட அதே வருசத்தோட ஒப்பிட்டுப் பார்த்திட்டு முடிவு சொல்லுங்க.

## 7. வாங்குறவர் போகலாமா, போக ஏலாதா

வீதம் ஒண்டா இருந்தாலும் ரெண்டு கம்பனிட ஆபத்து ஒண்டா இருக்காது. இதுக்கு மூண்டு கதை சொல்லுறன்.

பிரித்தானியாவில இமாஜினேஷன் டெக்னாலஜிஸ் எண்ட கம்பனி, ஐபோனுக்கான கிராபிக்ஸ் வடிவமைப்பக் குடுத்தது. வருமானத்தில ஏறத்தாழ பாதி ஆப்பிள்ட்ட இருந்து. 2017 ஏப்ரல்ல, ஆப்பிள் சொந்தமாச் செய்யப் போகுது, 15 மாசம் தொடக்கம் ரெண்டு வருசத்துக்குள்ள நம்மட தொழில்நுட்பத்த விட்டிரும் எண்டு அறிவிச்சாங்க. ஒரே நாள்ல பங்கு விலை 60 வீதத்துக்கு மேல விழுந்தது. வருமானம் அண்டைக்கு ஒரு சதமும் குறையல, வரப்போற வருமானம்தான் போனது, சந்தை காத்திருக்காது. இந்த வகை வாங்குறவர் தானே செய்யத் தொடங்கலாம், வேற ஆளிட்டயும் போகலாம்.

வவுணதீவில சூரிய மின் நிலையம் இருக்கு தெரியும்தானே. அது மாதிரியும், மலைநாட்டுச் சின்ன நீர்மின் நிலையங்கள் மாதிரியும் மின்சாரம் செய்யுற கம்பனிகளிட்ட கன வருசமா வாங்கினது ஒரே ஆள், இலங்கை மின்சார சபை. நூறு வீதம். பேரும் ரிப்போட்லயே வெளிப்படையாக் கிடக்கும், ஒப்பந்தமும் வருசக்கணக்குக்கு. இங்க ஓடர் போற பயம் இல்ல, காசு பிந்துற பயம். 2022 நெருக்கடி நேரம் மின்சார சபை இந்தக் கம்பனிகளுக்கு மாசக்கணக்கா நிலுவை வைச்சது. லாபம் புத்தகத்தில இருந்தது, காசு கையில இல்ல. இப்படியான கம்பனியில 6ம் படிக் கணக்க விட்டிட்டு 5ம் படிய நல்லா ஆழமாப் பாருங்க, அதோட காசுப் பாய்ச்சல் கூற்றயும். பிந்தின காசுக்கு வட்டி வருமானமாப் போட்டிருந்தா அந்த வட்டி காசா வந்ததா எண்டும் பாருங்க. ஒப்பந்தம் எந்த வருசம் முடியுது எண்டு குறிச்சு வைங்க, புதுப்பிக்கும்போது விலை பழையபடி இருக்கும் எண்டு ஒரு உத்தரவாதமும் இல்ல.

மூண்டாவது நம்மட அம்பாறை மாவட்டத்திலயே, ஹிங்குரான. அங்க கரும்பு செய்யுற ஆக்களுக்கு வாங்குறவர் அந்த சீனி ஆலை ஒண்டுதான். வெட்டின கரும்பு நாள் பிந்தப் பிந்த இனிப்புக் குறையும், அதால தூரத்து ஆலைக்கு ஏத்திக்கொண்டு போக ஏலாது. ஆனா அதே காரணத்தால ஆலைக்கும் தூரத்துக் கரும்பக் கொண்டுவர ஏலாது, பக்கத்து வயல்காரர் நெல்லுக்கு மாறினா ஆலை சும்மா கிடக்கும். ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டது. ரிப்போட் வாசிக்கும்போதும் இதக் கேளுங்க: இந்தக் கஸ்டமருக்கு இந்தப் பொருள வேற ஆளிட்ட எடுக்க எத்தின மாசம் எடுக்கும்? கம்பனிக்கு இந்தக் கொள்ளளவ வேற ஆளுக்கு விற்க எத்தின மாசம் எடுக்கும்? ரெண்டாவது எண் பெருசா இருந்தா தங்கியிருக்கிறது கம்பனிதான்.

## 8. சப்ளையர் பக்கம்

இதுக்குச் செக்மென்ட் தரத்தில பத்து வீத விதி இல்ல. அதால சப்ளையரப் பற்றிச் சொல்லாம விட்டா அது தப்பும் இல்ல, நீங்கதான் தேடவேணும். பார்க்க வேண்டியது தொடர்புடைய தரப்பு நோட்ல கொள்முதல் தொகை, ஆபத்து முகாமைத்துவப் பகுதி, பிறகு முகவர் ஒப்பந்தங்கள். டிமோ மாதிரி வாகனக் கம்பனிக்கு டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் கஸ்டமர் இல்ல, சப்ளையர், ஆனா அந்த முகவர் உரிமைதான் அந்தத் தொழிலே.

சப்ளையர வீதத்தால மட்டும் அளக்காதீங்க. செலவுல 3 வீதமே வாற ஒரு சாயமோ சிப்போ வேற இடத்தில கிடைக்காட்டி பெக்டரி முழுக்க நிக்கும், 40 வீதம் வாற நூல் பத்து நாட்டில கிடைச்சா அது ஆபத்தே இல்ல.

உடுப்புத் தொழில்ல இன்னொரு விசயம், துணிய எந்த ஆலையிட்ட எடுக்கவேணும் எண்டு பிராண்டே சொல்லிரும். அப்ப ரிப்போட்ல பெரிய சப்ளையர் ஒருத்தர், பெரிய கஸ்டமர் ஒருத்தர் எண்டு ரெண்டு வேற ஆபத்து மாதிரித் தெரிஞ்சாலும் பின்னால நிக்கிறது ஒரே ஆள். ரெண்டையும் தனித்தனியா எண்ணி "பரவாயில்ல, பிரிஞ்சுதான் இருக்கு" எண்டு நினைக்காதீங்க.

## 9. மிச்சத்தப் பொதுக்கூட்டத்தில கேளுங்க

எல்லாப் படியும் முடிஞ்ச பிறகும் சில ஓட்டை இருக்கும். ஒரு பங்கு வைச்சிருந்தாலும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில கேட்கலாம், திகதியும் படிவமும் ரிப்போட்ட கடைசிப் பக்கங்கள்ல இருக்கு.

"பெரிய கஸ்டமர் ஆர்?" எண்டு கேட்டா பேர் சொல்லமாட்டாங்க, வியாபார ரகசியம் எண்டு முடிச்சிருவாங்க, விதியும் அவங்க பக்கம். பேர் கேட்காம இப்பிடிக் கேளுங்க: செக்மென்ட் நோட்ல முதல் கஸ்டமர்ட பங்கு 35 ல இருந்து 45 வீதத்துக்குப் போயிருக்கு, அந்தக் கஸ்டமரோட எத்தின வருச ஒப்பந்தம், அதில குறைஞ்ச பட்ச ஓடர் எண்டு ஏதும் இருக்கா, காசு வாற நாள் போன வருசத்த விடக் கூடியிருக்கா? நோட்ட இலக்கத்தையும் பக்கத்தையும் சொல்லிக் கேளுங்க, அப்ப பதில் பொதுவா வராது. பெரும்பாலும் உடுப்புத் தொழில்ல ஒப்பந்தம் எண்டு ஒண்டு இல்ல, பருவத்துக்குப் பருவம் ஓடர்தான் எண்டு சொல்லுவாங்க. அப்பிடிச் சொன்னா 6ம் படியில போட்ட 900 மில்லியன் நட்டம் எத்தின மாசத் தூரத்தில இருக்கு எண்டது உங்களுக்குத் தெரிஞ்சிரும்.